கிணற்றடித் தொட்டியில் ஐந்து பறவைகள்: இவற்றில் எத்தனை மைனா?

வடலி_கோண்டாவில்
16 நவம்பர், காலை 8.20

எல்லோருக்கும் வணக்கம். இணைத்திருக்கும் படத்தை இன்று காலை ஏழு மணியளவில், மழை சற்றுக் குறைந்திருந்த நேரத்தில், குசினி யன்னலில் நின்றபடி கைத்தொலைபேசியால் எடுத்தேன். எங்கள் வளவில் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய சீமெந்துத் தொட்டி இருக்கிறது. அதன் விளிம்பில் ஐந்து பறவைகள் வரிசையாக வந்து அமர்ந்து குளித்தன. இரண்டு ஆண்டுகளாக எங்கள் வளவுக்கு வரும் பறவைகளை ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். இன்றைய திகதிக்கு நேரே “மைனா - 5” என்று எழுதிவிட்டேன். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அப்படி எழுதியது சரிதானா என்ற ஐயம் வந்துவிட்டது.

இடமிருந்து வலமாகச் சொல்கிறேன். முதலாவது நாம் எல்லோரும் அறிந்த மைனா போலத்தான் இருக்கிறது. இரண்டாவதன் சொண்டும் மஞ்சள்தான், ஆனால் உடல் மணல் நிறமாக வெளிறியிருக்கிறது. மூன்றாவதற்குத் தலையில் கறுப்புக் கொண்டை உண்டு. நான்காவது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, வால் நுனி வெள்ளை. ஐந்தாவது தொட்டிக்குப் பின்னால் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றாவதும் நான்காவதும் கொண்டைக்குருவிகள் என்கிறார் என் அண்ணா. கொப்பியில் நான் என்ன எழுத வேண்டும்?

ஓய்வாசிரியர்_தென்மராட்சி
16 நவம்பர், காலை 9.05

தங்கச்சி, இது அவ்வளவு சிக்கலான கேள்வி அல்ல. மைனாவை அறிய முதலில் கண்ணைப் பார்க்க வேண்டும். கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் இருக்குமானால் அது மைனா. முதலாவது பறவையில் அது தெளிவாகத் தெரிகிறது. இரண்டாவது அதன் பேடு. மயிலிலும் கோழியிலும் போலப் பேட்டின் நிறம் மங்கலாக இருப்பது இயற்கை. மூன்றாவதற்குக் கொண்டை இருப்பதால் அது கொண்டலாத்தி, அந்த அளவில் உங்கள் அண்ணா சொன்னது சரி. ஆனால் நான்காவதில் அவர் பிழை விட்டிருக்கிறார். மைனா பறக்கும்போது விரியும் வால் நுனியின் வெள்ளையைச் சிறுவயது முதல் பார்த்து வந்திருக்கிறேன், ஆகவே அது மைனாவேதான். ஐந்தாவதைப் பற்றிச் சொல்லத் தலை மட்டும் போதாது. மூன்று மைனா, ஒரு கொண்டலாத்தி என்று எழுதுங்கள்.

கொங்குநாடன்_கோவை
16 நவம்பர், காலை 9.40

மன்னிக்க வேண்டும் ஐயா, கொண்டலாத்தி என்று எதைச் சொல்கிறீர்கள்? எங்கள் பக்கம் அந்தப் பெயர் நீண்டு வளைந்த அலகும் விசிறி போல விரியும் கொண்டையும் உள்ள, தரையைக் குத்தித் தின்னும் பறவைக்குத்தான். படத்தில் அப்படி எதுவும் இல்லையே.

ஓய்வாசிரியர்_தென்மராட்சி
16 நவம்பர், காலை 9.52

அந்தப் பறவையையும் இங்கே கொண்டலாத்தி என்பவர்கள் உண்டு. நான் சொன்னது வாலடியில் சிவப்புள்ள கொண்டைக்குருவியை.

நீர்க்காகம்
16 நவம்பர், முற்பகல் 11.30

வடலி அக்கா, கொப்பியில் இப்போதைக்குப் பென்சிலால் எழுதி வையுங்கள். இந்தப் படத்தில் குறைந்தது நான்கு இனங்கள் இருக்கின்றன என்று நினைக்கிறேன். அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கண்ணில் இருந்து தொடங்க வேண்டும் என்று ஆசிரியர் ஐயா சொன்னது மிகச் சரி. மைனாவின் கண்ணுக்குக் கீழும் பின்னும் இருக்கும் மஞ்சள் வெறும் தோல், இறகில் தோன்றும் நிறம் அல்ல. அதனால் இறகு நனைந்தாலும் கலைந்தாலும் அது மாறாது. இலங்கையில் உள்ள மைனா இந்தியாவில் உள்ளதைவிடக் கருமை கூடியது, கன்னத்து மஞ்சளும் அகலமானது. ஆகவே எங்கள் ஊர் மைனாவின் படத்தில் அந்த மஞ்சள் தெரியாமல் போவது அரிது.

இப்போது முதலாவதையும் இரண்டாவதையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒரே விளிம்பில், ஒரு சாண் இடைவெளியில், ஒரே வெளிச்சத்தில், பக்கவாட்டாக முகத்தைக் காட்டியபடி நிற்கின்றன. படம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் முதலாவதன் கன்னத்தில் மஞ்சள் ஒரு பொட்டாகத் தெரிகிறது. அதே தூரத்தில், அதே கோணத்தில் உள்ள இரண்டாவதில் அந்த இடம் வெறும் மணல் நிறமாக இருக்கிறது, நடுவே கறுத்த கண் ஒன்றுதான். தனியாக ஒரு பறவையின் படம் கிடைத்து அதில் மஞ்சள் தெரியாவிட்டால் வெளிச்சத்தைக் குறை சொல்லலாம். பக்கத்திலேயே ஒரு மைனா நிற்கும்போது அப்படிச் சொல்ல இடமில்லை. இந்தப் படத்தின் மிகப் பெரிய பயனே அந்த முதலாவது மைனாதான்.

அது பேடாகவும் இருக்க முடியாது, ஐயா. மைனாவில் ஆணும் பேடும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். மயிலையும் கோழியையும் வைத்து இதை அளக்க இயலாது. மைனாக் குஞ்சாக இருக்குமோ என்று அடுத்து ஒருவர் கேட்கக்கூடும். இளம் மைனாவின் தலை கறுப்பாக இல்லாமல் பழுப்பாக இருக்கும் என்பது உண்மை. ஆனாலும் கண்ணருகே வெளிறிய மஞ்சள் தோல் அதற்கும் உண்டு, மடித்த செட்டையின் ஓரத்தில் வெள்ளை எட்டிப் பார்க்கும், காலும் மஞ்சள். படத்தில் உள்ளதன் செட்டையில் வெள்ளை எங்கும் இல்லை. செட்டை உடலைவிடக் கறுத்து, ஒவ்வோர் இறகும் வெளிறிய ஓரத்தோடு இருக்கிறது. இது குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் ரோசா மைனாவின் இளம் பறவை என்பது என் முடிவு. மூன்றாவதையும் நான்காவதையும் பற்றிப் பின்னேரம் எழுதுகிறேன்.

பூவரசு
16 நவம்பர், பகல் 12.15

கண்ணைச் சுற்றிய மஞ்சளைப் பற்றிப் பேசுவதால் இதைக் கேட்கிறேன். எங்கள் வீட்டு மதிலுக்கு ஒரு மைனா வருகிறது. அதன் தலையில் ஓர் இறகுகூட இல்லை, தலை முழுவதும், கழுத்து வரைக்கும், மஞ்சள் தோல். பிணந்தின்னிக் கழுகின் தலை போல இருக்கிறது. அயலவர்கள் அதைப் பேசும் மைனா என்கிறார்கள். மலைநாட்டு மைனாவுக்குத் தலையில் மஞ்சள் தோல் தொங்கும் என்று படித்திருக்கிறேன். யாரோ கூட்டிலிருந்து தவறவிட்ட மலைமைனாவாக இருக்குமா? மூன்று நாளாக அதற்குச் சோறு வைத்து வருகிறேன்.

நீர்க்காகம்
16 நவம்பர், பகல் 12.50

பூவரசு, உங்களுடையது சாதாரண மைனாதான். தலை இறகு முழுவதும் கொட்டிய மைனாக்களை அவ்வப்போது காணலாம். இறகு மாற்றும் காலத்தில் ஒரேயடியாகக் கொட்டுவதாலோ, தன் சொண்டு எட்டாத தலைப்பகுதியில் பேன்போன்ற சிற்றுயிர்கள் பெருகுவதாலோ இப்படி நேரும். இறகுக்குக் கீழே உள்ள தோலும் மஞ்சளாக இருப்பதால் பார்ப்பவருக்கு அச்சமாக இருக்கிறது, பெரும்பாலும் இறகு மீண்டும் முளைத்துவிடும். மலைமைனா உடல் முழுவதும் பளபளக்கும் கறுப்பு, சொண்டு செம்மஞ்சள், மஞ்சள் தோல் மடலாகப் பிடரியில் தொங்கும். உங்கள் பறவையின் உடல் பழுப்பாக இருக்குமானால் ஐயமே வேண்டாம்.

பூவரசு
16 நவம்பர், பிற்பகல் 1.10

உடல் பழுப்புத்தான். மனம் ஆறுதலாக இருக்கிறது, நன்றி.

கொங்குநாடன்_கோவை
16 நவம்பர், பிற்பகல் 2.30

நீர்க்காகம் அவர்களே, இரண்டாவதைப் பற்றி இன்னொரு வழியும் உண்டல்லவா? எங்கள் பக்கம், மலையடிவாரத்தில், காட்டு மைனா நிறைய இருக்கிறது. அதற்குக் கண்ணருகே மஞ்சள் தோல் கிடையாது. நீங்கள் சொல்லும் “மஞ்சள் இல்லை” என்ற அடையாளம் அதற்கும் பொருந்துகிறது. நான்காவதைச் செம்மீசைச் சின்னானாகவும் கருதலாம். எங்கள் தோட்டத்தில் நான் மிகுதியாகக் காணும் சின்னான் அதுதான்.

நீர்க்காகம்
16 நவம்பர், மாலை 5.40

நல்ல கேள்வி, இதை நீங்கள் கேட்டதற்கு மகிழ்கிறேன். இந்தியாவில் அச்சான கையேடுகளை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துப் பறவைகளைப் பார்ப்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள். பாக்கு நீரிணை ஒடுங்கியதுதான். ஆனாலும் காட்டு மைனாவும் செம்மீசைச் சின்னானும் இலங்கையின் இயற்கைப் பறவைகள் அல்ல. அடையாளத்தை வைத்துப் பார்த்தாலும் காட்டு மைனாவின் உடல் கருஞ்சாம்பல், சொண்டின் அடியில், நெற்றியில், சிறு குஞ்சம் போல இறகு நிமிர்ந்து நிற்கும். படத்தில் உள்ளதன் நெற்றி வழுவழுப்பாகச் சொண்டோடு இறங்குகிறது.

இனி மூன்றாவது. கொண்டை இருப்பதால் கொண்டைக்குருவி என்று ஐயாவும் வடலி அக்காவின் அண்ணாவும் முடிவெடுத்திருக்கிறார்கள். இங்கே பார்க்க வேண்டியது, கறுப்பு எந்த இடத்தில் நிற்கிறது என்பது. கொண்டைக்குருவியின் தலை முழுவதும் கறுப்பு. அது கன்னத்தையும் தொண்டையையும் மூடி மார்பு வரை இறங்கி, மெல்ல மெல்லச் செதில் போன்ற பழுப்பாக மாறும். படத்தில் மூன்றாவதன் கறுப்பு, தலையில் தொப்பி வைத்தது போலக் கண்ணின் மட்டத்தோடு நின்றுவிடுகிறது. கன்னம், தொண்டை, மார்பு எல்லாம் கறுவாப்பட்டை கலந்த வெளிர் செம்மஞ்சள். கொண்டையின் அமைப்பும் வேறு. கொண்டைக்குருவியின் கொண்டை குட்டையாக, மழுங்கலாக, உச்சந்தலையின் பின்புறம் மட்டும் எழுந்து நிற்கும். இதன் கொண்டையோ மெல்லிய நீண்ட இறகுகளாகப் பிடரியைத் தாண்டிப் பின்னால் படிந்து கிடக்கிறது. எண்ணெய் வைத்து வாரிய தலைமயிரைப் போல இருக்கிறது.

சொண்டைப் பார்த்தால் ஐயம் முற்றாகத் தீரும். கொண்டைக்குருவியின் சொண்டு அடி முதல் நுனி வரை கறுப்பு. இதன் சொண்டு, நான் பார்க்கும் அளவில், முன்பாதி மஞ்சள், அடிப்பாதி நீலச்சாம்பல். இது கருங்கொண்டை மைனா. பாப்பாத்தி மைனா என்றும் சொல்வார்கள். எனினும் என் திரையில் அந்த நீலம் மிக மங்கலாகத்தான் தெரிகிறது. மூலப்படத்தைப் பார்க்க முடிந்தால் நல்லது.

துலாக்கால்
16 நவம்பர், இரவு 7.15

படக்கலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், பறவையைப் பற்றிய அறிவு எனக்கு இல்லை. அக்கா இங்கே ஏற்றியிருக்கும் படம் செயலி வழியாக வந்ததால் சுருங்கியிருக்கிறது. ஒரு பறவையின் தலை ஏறத்தாழ 40 புள்ளி அகலம்தான் இருக்கிறது. அதில் சொண்டு பத்துப் பன்னிரண்டு புள்ளி. அந்த அளவில் நிறத்தை நம்ப முடியாது, ஏனென்றால் படத்தைச் சுருக்கும்போது வெளிச்ச வேறுபாட்டைக் காப்பாற்றி, நிற வேறுபாட்டைத்தான் முதலில் கைவிடுவார்கள். பக்கத்தில் உள்ள நிறம் வழிந்து சொண்டுக்குள் வந்துவிடும்.

மழை மூட்டத்தில் கைத்தொலைபேசி தானாகவே வெண்மையைச் சரிசெய்யும்போது படம் முழுவதும் நீலமாகவும் போகலாம். அதைச் சோதிக்க ஒரு வழி, நேரில் சாம்பல் நிறம் என்று நமக்குத் தெரிந்த ஒரு பொருளைப் படத்தில் பார்ப்பது. உங்கள் தொட்டியின் சீமெந்து சாம்பலாக இருந்தால் சொண்டின் நீலமும் உண்மை. சீமெந்தே நீலமாகத் தெரிந்தால் சொண்டின் நீலத்தை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். மூலக் கோப்பிலிருந்து ஒவ்வொரு தலையையும் வெட்டி, அளவைச் சுருக்காமல் ஏற்றுங்கள். கூர்மை கூட்ட வேண்டாம், கூட்டினால் இல்லாத கோடுகள் பிறக்கும்.

வடலி_கோண்டாவில்
16 நவம்பர், இரவு 9.00

தம்பி சொன்னபடி ஐந்து தலைகளையும் வெட்டி ஏற்றியிருக்கிறேன். தொட்டியின் சீமெந்து சாம்பலாகவே இருக்கிறது, பாசி படிந்த இடம் மட்டும் பச்சை. மூன்றாவதன் சொண்டில் நுனி மஞ்சளும் அடி நீலமும் இப்போது எனக்கே தெரிகிறது. கண்ணுக்குப் பின்னாலும் ஊசி முனை அளவுக்கு நீலம் ஒன்று இருக்கிறது.

இதனோடு இன்னொரு படத்தையும் இணைத்திருக்கிறேன். போன கிழமை எங்கள் பப்பாசி மரத்தில் எடுத்தது. தலையும் தொண்டையும் கறுப்பு, வாலடியில் சிவப்பு நன்றாகத் தெரிகிறது, கொண்டையும் குட்டைதான். ஆனால் சொண்டு மஞ்சள்! கொண்டைக்குருவியின் சொண்டு முழுக் கறுப்பு என்றால் இது என்ன? உண்மையில் இந்தப் படத்தால்தான் சொண்டை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று நினைத்து ஐந்தையும் மைனா என்று எழுதினேன்.

நீர்க்காகம்
16 நவம்பர், இரவு 10.10

பப்பாசிப் படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். மஞ்சள் சொண்டின் நுனியில் தடிப்பாகவும் நடுவில் திட்டுத் திட்டாகவும் இருக்கிறது, வாய் மூலைக்கு அருகில் கறுப்பு அப்படியே நிற்கிறது. மேற்சொண்டில் ஓர் இடத்தில் மஞ்சள் சொண்டின் விளிம்பைத் தாண்டிப் புடைத்துக்கொண்டிருக்கிறது. சொண்டின் சொந்த நிறமாக இருந்தால் விளிம்பைத் தாண்டி வெளியே வராது. அது பப்பாசியின் சதை. தின்று முடித்ததும் பறவை கிளையில் சொண்டை இருபுறமும் தேய்த்துத் துடைக்கும், அதற்குப் பிறகு எடுத்த படம் உங்களிடம் இருந்தால் கறுப்புச் சொண்டைக் காண்பீர்கள். முள்முருக்குப் பூக்கும் காலத்தில் இதைவிட மோசம். தேன் குடிக்க வரும் பறவைகள் எல்லாவற்றின் நெற்றியிலும் சொண்டிலும் மகரந்தம் அப்பிக்கொள்ளும். சொண்டின் நிறத்தை நம்பலாம். ஆனால் அது அடியிலிருந்து நுனிவரை ஒழுங்காக ஓடுகிறதா, திட்டாக ஒட்டியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது இப்போது உறுதி. கண்ணுக்குப் பின்னால் நீங்கள் கண்ட அந்த நீலமும் கருங்கொண்டை மைனாவின் அடையாளமே. மைனாவுக்கு மஞ்சள் இருக்கும் இடத்தில் இதற்குச் சிறிய நீலத் தோல்.

இரண்டாவதன் வெட்டிய படம் மிகவும் பயன்பட்டது. கீழ்ச்சொண்டும் வாய் ஓரமும் மஞ்சள், மேற்சொண்டின் முதுகு மட்டும் பழுப்பாகக் கறுத்திருக்கிறது. மைனாவின் சொண்டு இப்படி இரு நிறமாகப் பிரியாது. கால் மங்கலான இளஞ்சிவப்பு, பக்கத்தில் நிற்கும் மைனாவின் கால் பளிச்சென்ற மஞ்சள். இது இளம் ரோசா மைனா என்பதில் எனக்கு இனி ஐயமில்லை. இந்தப் பறவைகள் மத்திய ஆசியப் புல்வெளிகளில் பிறந்து, அந்த மணல் நிற இறகோடுதான் தெற்கே வருகின்றன. கொண்டையும் இளஞ்சிவப்பும் பிறகு வருபவை. நவம்பரில் இறகு மாற்றம் பாதியில் இருக்கும். உங்கள் படத்தில் மார்பில் சேறு தெறித்தது போன்ற கருந்திட்டு ஒன்று தெரிகிறதே, அது புதிதாக முளைக்கும் இறகாக இருக்கலாம். நனைந்திருப்பதால் அதை மட்டும் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன்.

நான்காவதில் உங்கள் அண்ணா சொன்னதுதான் சரி. வால் நுனியில் வெள்ளை மைனாவுக்கும் உண்டு, கருங்கொண்டை மைனாவுக்கும் உண்டு, கொண்டைக்குருவிக்கும் உண்டு, ஆகவே அதை வைத்து எதையும் பிரிக்க முடியாது. வாலுக்கு மேலே, முதுகு முடியும் இடத்தைப் பாருங்கள். அங்கே வெள்ளை ஒரு பட்டையாக இருக்கிறது. மைனாவுக்கு அந்த இடம் பழுப்பு. தலையைச் சற்றே திருப்பியிருப்பதால் சொண்டின் நுனியும் தெரிகிறது, அது மெலிந்து கறுப்பாக இருக்கிறது. குளித்து நனைந்ததால் கொண்டை தலையோடு ஒட்டிப்போயிருக்கிறது, அதனால்தான் மைனாவைப் போலத் தோன்றியிருக்கிறது. கொண்டைக்குருவி அமைதியாக இருக்கும்போதும் கொண்டையைப் படிய வைக்கும். கொண்டை இல்லை என்பதை வைத்து அதை ஒருபோதும் விலக்கிவிடக் கூடாது.

கொங்குநாடன்_கோவை
17 நவம்பர், காலை 6.50

இரண்டாவதன் காலையும் சொண்டையும் பார்த்த பிறகு ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊரில் இதைச் சூறைக்குருவி என்போம், கூட்டம் கூட்டமாகச் சோளக்காட்டில் இறங்கும். ஆனால் நான் பார்த்ததெல்லாம் உடல் இளஞ்சிவப்பும் தலை கறுப்புமான பெரிய பறவைகளை. இந்த மணல் நிறக் குஞ்சுகள் கூட்டத்துக்குள் இருந்திருக்கும், நான் வேறு ஏதோ என்று எண்ணிக் கடந்திருப்பேன். ஒரு கேள்வி: வளர்ந்த சூறைக்குருவிக்கும் நீண்ட கறுப்புக் கொண்டை உண்டே, அதையும் கருங்கொண்டை மைனாவையும் எப்படிக் குழப்பாமல் இருக்கிறீர்கள்?

நீர்க்காகம்
17 நவம்பர், காலை 7.30

மேலே சொன்னதே இதற்கும் பொருந்தும், கறுப்பு எங்கே நிற்கிறது என்று பார்க்கிறேன். வளர்ந்த சூறைக்குருவியில் கறுப்பு தொண்டையையும் மேல்மார்பையும் மூடியிருக்கும், செட்டையும் வாலும்கூடக் கறுப்பு. கருங்கொண்டை மைனாவின் தொண்டை எப்போதும் வெளிறியது, செட்டை சாம்பல். கண்ணைப் பார்த்தாலும் போதும், சூறைக்குருவியின் கண் கறுத்திருக்கும், மற்றதன் கண் வெளிறியிருக்கும்.

ஓய்வாசிரியர்_தென்மராட்சி
17 நவம்பர், காலை 9.20

நேற்று நான் எழுதியதில் இரண்டாவதும் மூன்றாவதும் நான்காவதும் பிழை என்று ஏற்றுக்கொள்கிறேன். வால் நுனி வெள்ளையை மட்டும் நம்பி நாற்பது ஆண்டுகளாக எத்தனை கொண்டைக்குருவிகளை மைனா என்று பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பேன் என்று நினைக்க வருத்தமாக இருக்கிறது.

ஆனால் ஐந்தாவதைப் பற்றி ஒரு கருத்து உண்டு. வெட்டிய படத்தில் அதன் கண் வெளிறித் தெரிகிறது. தலை சாம்பல், கொண்டை இல்லை. இது புலுனி அல்லவா? எங்கள் வளவுக்கு ஏழெட்டாகச் சேர்ந்து வந்து சருகைக் கிண்டும் புலுனிக்கு இதே வெள்ளைக் கண்தான். அதன் சொண்டும் மஞ்சள்.

நீர்க்காகம்
17 நவம்பர், காலை 10.00

ஐயா, நான்கு இனங்களைப் பேசியவர்கள் எல்லோரும் புலுனியை மறந்துவிட்டோம், நீங்கள் நினைவூட்டியதற்கு நன்றி. அந்த வெளிறிய கண் உண்மையில் புலுனியைத்தான் காட்டுகிறது. ஆனால் என்னால் முடிவு செய்ய இயலவில்லை. இளம் கருங்கொண்டை மைனாவுக்கும் கொண்டை வளர்ந்திருக்காது, தலையின் கறுப்பும் மங்கிய பழுப்பாக இருக்கும். அதன் சொண்டும் வளர்ந்ததைப் போலத் தெளிவாக இரு நிறமாகப் பிரிந்திருக்காது. ஐந்தாவதன் சொண்டு தொட்டியின் நிழலுக்குள் இருப்பதால் அதன் நிறம் எனக்குப் பிடிபடவில்லை. உடல் ஒரு விரற்கடை தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். இளம் கருங்கொண்டை மைனாவாக இருந்தால் வயிறு செம்மஞ்சள் சாயலாக, வால் நுனியில் வெள்ளையோடு இருக்கும். புலுனியின் வால் நீண்டு, நுனி வெள்ளையின்றித் தளர்ந்து தொங்கும்.

புலுனி தனியாக வருவது குறைவு என்பது உண்மை, கூட்டம் பக்கத்துப் பூவரச வேலிக்குள் இருந்திருக்கலாம். வடலி அக்கா, அந்த நேரத்தில் புலுனிகளின் கூச்சல் கேட்டதா?

வடலி_கோண்டாவில்
17 நவம்பர், மாலை 4.30

மழை ஓட்டில் விழுந்து கொண்டிருந்ததால் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்று நான் அதைக் கவனித்திருக்க மாட்டேன்.

இன்று காலை ஆறே முக்காலிலிருந்து யன்னலடியில் காத்திருந்தேன். மைனாக்கள் இரண்டு வந்தன, கன்னத்து மஞ்சளைப் படமில்லாமல் வெறும் கண்ணாலேயே கண்டேன். பிறகு மணல் நிறப் பறவைகள் மூன்று ஒன்றாக வந்து இறங்கின. அவற்றில் ஒன்றின் தொண்டையில் கருந்திட்டு நேற்றையதைவிடப் பெரிதாக இருந்தது. அது நேற்று வந்ததேதானா என்று எனக்குத் தெரியாது. அவை இருந்த நேரம் இரண்டு நிமிடமும் இராது. மைனா ஒன்று தலையைத் தாழ்த்தி அவற்றை விரட்டியது, மூன்றும் எழுந்து வடக்குப் பக்கமாகப் போயின. பறக்கும்போது மைனாக்களின் செட்டையில் வெள்ளை விரிந்தது, மற்ற மூன்றின் செட்டையிலும் வெள்ளை இல்லை. கருங்கொண்டை மைனா வரவில்லை. கொண்டைக்குருவி பப்பாசி மரத்தில் இருந்தது. தின்று முடித்துச் சொண்டைக் கிளையில் தேய்க்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன். நீங்கள் சொன்னபடி கறுப்புத்தான்.

16 ஆம் திகதிக்கு நேரே இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன்: மைனா 1, ரோசா மைனா இளம் பறவை 1, கருங்கொண்டை மைனா 1, கொண்டைக்குருவி 1. ஐந்தாவதற்கு எதிரே வெளிறிய கண், சாம்பல் தலை, கொண்டை இல்லை, சொண்டு நிழலில் என்று மட்டும் எழுதி, பெயருக்கான இடத்தை விட்டுவைத்திருக்கிறேன். தொட்டிக்குப் பின்னால் இருந்த ஓலைக் கட்டையும் அண்ணா அகற்றிவிட்டார், இனி அந்தப் பக்கம் வந்து நிற்கும் பறவையின் வயிறும் வாலும் யன்னலில் இருந்து தெரியும்.